திருத்திய பில் 017: மணிக்கணக்குக் கூட்டலில் நேர்ந்த பிழை

கோயம்புத்தூர்
3 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். செப்டம்பர் மாத இணையதள வேலைக்காக 30-ஆம் தேதி அனுப்பிய பில் 017-இல் 62 மணி 45 நிமிடம் என்று போட்டிருந்தேன். சரியான கணக்கு 51 மணி 30 நிமிடம். மணிக்கு ரூ.800 வீதம் 50,200 கேட்டிருக்கிறேன். வர வேண்டியது 41,200. உங்களிடம் ரூ.9,000 கூடுதலாகக் கேட்டதற்கு மன்னிக்கவும். பிழை முழுக்க என்னுடையது.

கேட்லாக் பக்கங்களின் நேரத்தை நீங்கள் தனியாகக் கேட்டதால், இரண்டாம் வாரத்துக்கு மட்டும் நடுவில் ஒரு கூட்டல் வரி சேர்த்தேன். 8-ஆம் தேதி 2:45, 9-ஆம் தேதி 3:00, 11-ஆம் தேதி 2:30, 12-ஆம் தேதி 3:00, ஆக 11:15. கடைசியில் மொத்தம் போட்டபோது அந்த 11:15-ம் தனி வேலைபோல உள்ளே சேர்ந்துவிட்டது. பழைய சூத்திரம் முதலில், இப்போதையவை அடுத்து:

```
=SUM(E2:E19)
E10: =SUBTOTAL(9,E6:E9)
E20: =SUBTOTAL(9,E2:E19)
```

SUBTOTAL தன் எல்லைக்குள் இருக்கும் வேறு SUBTOTAL-ஐக் கூட்டாது. அதனால் வாரக் கூட்டல் வரி இருந்தாலும் இரட்டிப்பு வராது. வாரவாரியாகக் கையாலும் கூட்டிப் பார்த்தேன்: 14:30, 11:15, 16:00, 9:45. நீங்கள் சரிபார்க்கும்போது 51:30 என்பதை 51.30 என்று பெருக்கிவிட வேண்டாம். அரை மணி என்பதால் 51.5 × 800.

அவசரமானது டிடிஎஸ். பழைய பில்லைச் செப்டம்பர் கணக்கில் ஏற்றியிருந்தால் 10 சதவீதமாக 5,020 பிடித்திருப்பீர்கள். திருத்திய தொகைக்கு அது 4,120; எனக்கு வர வேண்டியது 37,080. செப்டம்பர் பிடித்தத்தைச் செலுத்த 7-ஆம் தேதி கடைசி நாள் என்பதால், அதற்குள் வவுச்சரை மாற்றிவிட்டால் இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகும். செலான் கட்டியாகிவிட்டது என்றால் சொல்லுங்கள், கூடுதலாகப் போன 900-ஐ எப்படிச் சரிசெய்வது என்று உங்கள் ஆடிட்டரிடம் பேசிக்கொள்கிறேன். நான் ஜிஎஸ்டி பதிவில் இல்லாததால் கிரெடிட் நோட் தேவைப்படாது.

புதிய பில்லின் எண் 017-திருத்தம் 1. தேதி இன்றையது, பழைய பில் ரத்து என்று அதிலேயே எழுதியிருக்கிறேன். பழைய தொகையே வங்கிக்குப் போய்விட்டிருந்தால், கூடுதலாக வந்ததை அன்றே திருப்பி அனுப்புகிறேன். அடுத்த பில்லில் கழித்துக்கொள்வது உங்களுக்கு வசதி என்றால் அப்படியே செய்யலாம்.

ஜூலை, ஆகஸ்ட் பில்களையும் வரிவரியாகப் பார்த்துவிட்டேன். அவற்றில் இடைக்கூட்டல் வரியே இல்லை. தொகை சரியாகவே இருக்கிறது.

திருத்திய பில்லும் நாள்வாரி நேரப் பட்டியலும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
இரா. கவிதா