விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்ய அனுமதி கோரி விண்ணப்பம்

அனுப்புநர்:
கயல்விழி,
இளநிலை வேதியியல், இரண்டாம் ஆண்டு, 'ஆ' பிரிவு.

பெறுநர்:
கனிம வேதியியல் பேராசிரியர் அவர்கள்,
வேதியியல் துறை.

நாள்: 14.07.2025

பொருள்: செவித்திறன் குறைவு காரணமாக வகுப்பு விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்ய அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தப் பருவத்தில் தாங்கள் எடுக்கும் கனிம வேதியியல் விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டு இதை எழுதுகிறேன். வகுப்பில் கைப்பேசி வெளியே தெரியக்கூடாது என்று தாங்கள் முதல் நாளே சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் கேட்காமல் பதிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு இரண்டு காதிலும் செவித்திறன் குறைவு உண்டு. சிறு வயதிலிருந்தே காதுகேள் கருவி போட்டிருக்கிறேன். தலைமுடி மறைப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. கேட்பியல் அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். அதில் 500 ஹெர்ட்சில் கோடு ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும். 2000 ஹெர்ட்சுக்கு மேலே போனால் வலது காதில் 55 டெசிபெல், இடது காதில் 60 டெசிபெல் என்று சரிந்துவிடும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அவை நன்றாகக் கேட்கும். ஸ், ஃப், ட், க் போன்ற மெல்லிய ஒலிகள்தான் நழுவிவிடுகின்றன. யாரோ பேசுகிறார் என்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பாதிதான் தெரியும். கருவி இதை ஓரளவு ஈடுகட்டுகிறது, முழுதாக அல்ல.

போன வாரம் உப்புப் பகுப்பாய்வுக்கான பாடம் நடந்தது. நீர்த்த அமிலம் சேர்த்தால் சல்பைட் தரும் வாயு ஒன்று, சல்பைடு தரும் வாயு வேறொன்று. அந்த இரண்டு பெயருக்கும் இடையே இருப்பது கடைசி ஒலி மட்டும்தான், எனக்கு விழாத ஒலியும் அதுதான். தாங்கள் கரும்பலகையில் வாய்பாட்டை எழுதியதால் எது எது என்று பிரித்துக்கொண்டேன். ஆனால் ஒன்று டைகுரோமேட் தாளைப் பச்சையாக்குவதும் மற்றொன்று லெட் அசிட்டேட் தாளைக் கறுப்பாக்குவதும் ஏன் என்று தாங்கள் வாய்மொழியாகச் சொன்ன விளக்கம் முழுவதும் போய்விட்டது. பக்கத்தில் இருக்கும் தோழியின் குறிப்பேட்டில் பலகையில் இருந்ததுதான் இருந்தது. அவள் காதால் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதவில்லை, அவளுக்கு எழுத வேண்டிய தேவையும் இல்லை.

பள்ளியில் இவ்வளவு சிரமம் இருந்ததில்லையே என்று தங்களுக்குத் தோன்றலாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ்வழியில் படித்தேன். அப்போதும் ஒலிகள் விடுபட்டன. ஆனால் பழகிய மொழி என்பதால் முன்னும் பின்னும் வந்த சொற்களை வைத்து விட்டதை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அந்த வசதி எனக்கு இன்னும் கைவரவில்லை. ஒரு சொல்லை நான் ஊகிக்க முயலும் நேரத்தில் தாங்கள் மூன்று வாக்கியம் தாண்டியிருப்பீர்கள். காது மட்டும் பிரச்சினை என்றாலோ மொழி மட்டும் பிரச்சினை என்றாலோ சமாளித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டும் சேரும்போதுதான் பிடி நழுவுகிறது.

முதல் வரிசையில்தான் உட்காருகிறேன், உதடுகளையும் கவனிக்கிறேன். ஆனால் ப, ம போன்றவை உதட்டில் ஒரே மாதிரிதான் தெரியும், பலகைப் பக்கம் தாங்கள் திரும்பும்போது அதுவும் இல்லை. கருவி ஓரிரு மீட்டருக்குள் நன்றாக வேலை செய்யும். பேசுபவர் தள்ளிப் போகப் போக மின்விசிறியின் இரைச்சலும் சுவரில் பட்டு வரும் எதிரொலியும் குரலோடு கலந்துவிடுகின்றன. இதற்காகத் தாங்கள் குரலை உயர்த்த வேண்டாம். உரக்கப் பேசினால் உயிரொலிகள்தான் பெரிதாகின்றன, விடுபடும் ஒலிகள் அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை. இப்போது பேசும் குரலே போதும்.

பதிவு இருந்தால் அறையில் அமைதியாக உட்கார்ந்து ஒலியை நேரே காதுகேள் கருவிக்கே அனுப்பிக் கேட்க முடியும். நடுவில் இரைச்சல் இல்லை, தூரமும் இல்லை. வேகத்தைக் குறைத்து, புரியாத இடத்தை நிறுத்தி, அகராதியையும் பாடநூலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்பேன். வகுப்புக்கு வருவதற்கு மாற்றாக இதைக் கேட்கவில்லை. வகுப்பில் பார்த்ததை வைத்துத்தான் பதிவே எனக்குப் புரியும்.

பதிவுக்குக் கைப்பேசியைப் பயன்படுத்த மாட்டேன். என்னிடம் சிறிய ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. அதில் சிம்மும் கிடையாது, இணையமும் கிடையாது. தாங்கள் அனுமதித்தால் வகுப்பு தொடங்குமுன் அதைத் தங்கள் மேசையில் வைத்துவிட்டு, முடிந்ததும் எடுத்துக்கொள்வேன். என் இருக்கையிலேயே வைக்கச் சொன்னாலும் சரி, ஆனால் அங்கே தங்கள் குரலைவிட எங்கள் வரிசையின் இருமலும் பக்கம் புரட்டும் சத்தமும்தான் தெளிவாகப் பதியும் என்று அஞ்சுகிறேன்.

பதிவுகள் என் சொந்தப் படிப்புக்கு மட்டுமே. வகுப்புக் குழுவிலோ வேறெங்குமோ பகிர மாட்டேன். வராத நாளின் பாடத்தை யாராவது கேட்டாலும் கொடுக்க மாட்டேன், தங்களிடம் போய்க் கேட்கச் சொல்வேன். பருவத் தேர்வு முடிவு வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தங்களிடம் தெரிவிப்பேன். பதிவு வேண்டாம் என்று தங்களுக்குத் தோன்றும் எந்த இடத்திலும் கருவியை நிறுத்திவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சக மாணவர்கள் சந்தேகம் கேட்கும்போது அவர்கள் குரலும் பதியும். ஆகவே அனுமதி கிடைத்தால் வகுப்பில் ஒருமுறை இதை அறிவித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் காது விஷயத்தையும் சேர்த்துச் சொல்லலாம், எனக்கு அதில் கூச்சமில்லை. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கேள்வி நேரத்தில் பதிவை நிறுத்திக்கொள்கிறேன்.

ஆய்வக வகுப்புகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அங்கே பக்கத்தில் வந்து கேட்டுக்கொள்ள முடிகிறது.

இந்தப் பருவம் முழுவதற்கும் ஒரேயடியாக அனுமதி தருவதில் தயக்கம் இருந்தால், அடுத்த பாட அலகு முடியும் வரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பின் தொடரலாமா என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். துறைத்தலைவரின் ஒப்புதலும் வேண்டும் என்றால் அவருக்கும் இதே விண்ணப்பத்தைத் தருகிறேன்.

தங்கள் பதிலை இந்தத் தாளின் அடியிலேயே எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும். ஆசிரியர் அறையில் பல பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எனக்குச் சரியாகக் கேட்காது. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி,
கயல்விழி

இணைப்பு: கேட்பியல் அறிக்கையின் நகல்