அப்பாவின் மூச்சிரைப்பு பற்றி டாக்டருக்கு

மஸ்கட்

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தக்கலை ரப்பர் ஷீட் கடை செல்லத்துரையின் மூத்த மகள் ஷீபா. சனிக்கிழமை அம்மா அப்பாவை உங்களிடம் கூட்டி வருகிறார். உங்களைப் பார்த்ததும் அப்பா "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் இளைப்பு" என்று முடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு வயது 68. முதலில் மேட்டுத் தோட்டத்துக்கு ஏறும்போது மட்டும் மூச்சு வாங்கியது. இரண்டு மாதமாக ராத்திரியிலும் வருகிறது. படுத்து ஒரு மணி நேரத்தில் திணறி எழுந்து ஜன்னலோரம் உட்கார்கிறார். கால் மணி நேரத்தில் தணிகிறது. இப்போது மூன்று தலையணை வைத்துத்தான் படுக்கிறார். சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது, அழுத்தினால் குழி விழுகிறது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நெஞ்சுவலி இல்லை என்கிறார், ஆனால் அவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் தந்த நீல இன்ஹேலர் ராத்திரி இளைப்புக்குக் கேட்பதில்லை. அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500 ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அப்புறம், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கித் தினமும் போடுகிறாராம். இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கருவாடும் குறையவில்லை.

பல வருஷம் புகைக்கூட்டில் நின்றவர் என்பதால் எல்லாரும் நுரையீரல் என்றே நினைக்கிறோம். இதயமாக இருக்குமோ என்று எனக்குப் பயம். ஈசிஜி, எக்கோ, கிட்னி ரத்தப் பரிசோதனை தேவையா என்று பாருங்கள். ராத்திரி எந்த நிலையில் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள் டாக்டர். அவர் தனியாகச் சமாளிக்கிறார்.

அன்புடன்,
ஷீபா