சிரிச்சா அவுட்!

இந்தப் படங்களில் யார் எந்த டீம் என்று தேடாதீர்கள். கபடி ஆட ஏழு நீல பனியன், ஏழு மஞ்சள் பனியன் என்று ஒழுங்காகத்தான் இறங்கினோம். பத்தாவது நிமிஷத்தில் பதினாலு பேரும் செம்மண் டீம்.

கடலூர், கேப்பர் மலைப் பக்கம், ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை காலை. விடிந்ததிலிருந்து மழை. போட்ட சுண்ணாம்புக் கோடு டாஸ் முடிவதற்குள் கரைந்து போனது. அப்புறம் குதிகாலால் பள்ளம் கீறி, அதில் தண்ணி நின்றால் அதுதான் நடுக்கோடு என்று முடிவானது. போனஸ் கோடு எங்கே என்பதில் மட்டும் கடைசி வரை சண்டை.

கபடியில் பாட்டுதான் உயிர். ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், தொட்டு, பாட்டு விடாமல் திரும்பணும். எதிர்ப்பக்கத்தில் பாட்டு விட்டுப்போனால் அவுட். காய்ந்த தரையில் ஒருத்தனை நிறுத்த கைகோத்துச் செயின் போடணும், கணுக்காலைப் பிடிக்கணும், தொடையை அணைக்கணும். சேற்றில் இதெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அங்கே செல்லுபடியாகிற ஒரே பிடி, ரெய்டு வருகிறவனைச் சிரிக்க வைப்பது!

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் தம்பி ரெய்டு போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டான். மூன்று பேர் சேர்ந்து காலைப் பிடித்தார்கள். கால் சோப்புக்கட்டி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டது, பிடித்த மூன்று பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தராகச் சரிந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு முழம்தான் பாக்கி. கையை நீட்டியிருந்தால் போதும், பாயிண்ட் அள்ளியிருக்கலாம். அவனோ திரும்பிப் பார்த்தான். எதிர் டீமில் ஆடிய அவனுடைய சொந்த அண்ணன் சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி, வாயிலிருந்த செம்மண்ணைத் துப்பிவிட்டு, "போடா தங்கம், போ" என்றார். அவ்வளவுதான். கபடி, கபடி, கப்… கப்ப்… என்று உடைந்து, அங்கேயே உட்கார்ந்து சிரித்தான்.

"மாமா, அது இருமல் மாமா! சிரிப்பு இல்ல!"

"பல்லு தெரிஞ்சுதுடா. அவுட்!"

அம்பயர் மாமா ஒரு கையில் குடை, ஒரு கையில் விசிலோடு நின்றார். விசிலுக்குள் தண்ணி போய் ஊதினால் குமிழிச் சத்தம்தான் வந்தது. அதைக் கேட்டுச் சிரித்தே இன்னும் இரண்டு ரெய்டு போனது. அதற்கும் அவர் பாயிண்ட் கொடுத்தார். நியாயவான்.

ஆறாவது படம் எனக்குப் பிடித்தது. மஞ்சள் பக்கம் மூன்றே பேர் மிச்சம். ஓரத்தில் நின்ற எங்கள் சித்தப்பா மகள், அத்தனை உயரமான ரெய்டரை இடுப்போடு அணைத்துச் சேற்றில் சாய்த்தாள். சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட்! வேடிக்கை பார்த்த பாட்டி கைதட்டிய சத்தம் மழையையும் தாண்டிக் கேட்டது.

இனி காயக் கணக்கு. மேலே சேறு மெத்தென்றுதான் இருக்கும், அடியில் சரளை. அதனால் முட்டி தேயாதவர் யாருமில்லை. முழங்கை சிராய்ப்பு எக்கச்சக்கம். ஒரு கட்டைவிரல் நகம் ஊதாவாகிவிட்டது. ஒருத்தருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. சந்தேகப்பட்டு விசாரித்தோம். அவர் விழவே இல்லையாம். ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் விழ வைத்தோம்.

அம்மா மஞ்சள் டப்பாவோடு ஓடி வந்தார். முதலில் சோப்புத் தண்ணி, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று அத்தை தடுத்துவிட்டார். சரளை ஆழமாகக் குத்தின இரண்டு பேர் டிடி ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். ரெய்டில் அண்ணன் வாயைத் திறந்ததற்கே உடைந்த தம்பி, ஊசிக்குக் கண்ணைக்கூட மூடவில்லை.

ஸ்கோர் நோட்டு நனைந்து மை ஓடிவிட்டது. 34-33 என்பது வரை தெரிகிறது. யாருக்கு 34 என்பதில் சுக்குக் காப்பி ஆறும் வரை வாதம் நடந்தது. நீல டீம்தான். எழுதுகிறது நான், அதனால் இதுவே இறுதி.

துவைக்கிற எல்லா அம்மாக்களுக்கும் கும்பிடு. பனியனுக்குச் சாயம் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், செம்மண் போகாது.

ஒரு நீல ரப்பர் செருப்பு, இடது கால், எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. சொந்தக்காரர் வந்து வாங்கிக்கொள்ளலாம், வலது காலைக் காட்டினால்.

#மழைக்கபடி #கடலூர் #செம்மண்டீம் #சிரிச்சாஅவுட்