பொது நாட்குறிப்பு: 2025 ஜூலை மாதச் சம்பளப் பதிவுகள்

திருகோணமலை ஐஸ் தொழிற்சாலை. ஊழியர்கள் 10 பேர். தொகைகள் எல்லாம் ரூபாவில்.

தங்கச்சி, இந்த மாதம் ஏழு பதிவுகள். கணினியில் ஏற்றும்போது விளக்கத்தைச் சுருக்காமல் அப்படியே போடுங்கள், ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் கேட்கும்போது உங்களுக்கே அது தேவைப்படும். நீங்கள் வைத்திருக்கும் புத்தகங்களில் ஒன்று இந்தியாவில் அச்சானது, அதில் "வரவு" என்று இருப்பது நம் பள்ளிக்கூடத்தில் படித்த "செலவு". நான் கீழே எழுதியிருப்பது நம் முறை: வரவு முதலில், செலவு அடுத்து.

ப.நா. 41 (ஜூலை 15)
வரவு: செலுத்த வேண்டிய வருமான வரி 7,100
செலவு: வங்கி நடைமுறைக் கணக்கு 7,100
ஜூன் சம்பளத்தில் கழித்த முற்பணத் தனிநபர் வருமான வரியை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்தியது. பொறுப்பாளர் 6,200, குளிரூட்டிப் பொறியியலாளர் 900.

ப.நா. 42 (ஜூலை 15)
வரவு: ஊழியர் முற்பணம் 25,000
செலவு: வங்கி நடைமுறைக் கணக்கு 25,000
இயந்திர இயக்குநர் இருவருக்குத் தலா 10,000, லொறிச் சாரதிக்கு 5,000. ஜூலைச் சம்பளத்திலேயே முழுவதும் கழிக்கப்படும். இதைச் சம்பளச் செலவில் போடக் கூடாது, கொடுத்த காசு இன்னும் அவர்கள் நமக்குத் தர வேண்டியதாகத்தான் இருக்கிறது.

ப.நா. 43 (ஜூலை 29)
வரவு: ஈ.பி.எஃப். செலவு, விநியோகப் பிரிவு 800
வரவு: ஈ.ரி.எஃப். செலவு, விநியோகப் பிரிவு 120
செலவு: செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 800
செலவு: செலுத்த வேண்டிய ஊழியர் நம்பிக்கை நிதி 120
ஜூன் 1இல் சேர்ந்த ஏற்றி இறக்கும் ஊழியரின் நிலையான படி 4,000 ரூபா ஜூன் கணக்கீட்டில் விடுபட்டதைச் சரிசெய்தது.

இது என் பிழை. அவருடைய சம்பளம் 38,000 அடிப்படை, 4,000 படி. நான் ஜூனில் அடிப்படைக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டேன். நிலையான படி ஒவ்வொரு மாதமும் மாறாமல் வருவது, அது சேமலாப நிதிக்கு உரிய உழைப்பூதியம்தான். அந்த 4,000க்கு ஊழியர் பங்கு 320, நம் பங்கு 480, நம்பிக்கை நிதி 120. அந்த 320ஐ இந்த மாதம் அவரிடம் பிடிக்கலாமா என்று நீங்கள் கேட்டீர்கள், முதலாளியிடம் பேசினேன், நிறுவனமே ஏற்கிறது. அதனால்தான் 800ம் செலவுக் கணக்குக்குப் போகிறது. அவருடைய ஜூலைச் சீட்டில் இதற்காக ஒரு சதமும் குறையக் கூடாது.

ப.நா. 44 (ஜூலை 30)
வரவு: செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 164,400
வரவு: செலுத்த வேண்டிய ஊழியர் நம்பிக்கை நிதி 24,660
செலவு: வங்கி நடைமுறைக் கணக்கு 189,060
ஜூன் மாதப் பங்களிப்புகள் செலுத்தியது. சேமலாப நிதியில் ஜூன் பதிவின் 163,600ம் மேலே திருத்திய 800ம், நம்பிக்கை நிதியில் 24,540ம் 120ம் அடங்கும். இரண்டும் வெவ்வேறு இடத்துக்குப் போகிற காசு, ஒன்று மத்திய வங்கியிலுள்ள சேமலாப நிதிக்கு, மற்றது நம்பிக்கை நிதிச் சபைக்கு. வங்கிக் கூற்றில் இரண்டு வரிகளாக வரும், சேர்த்துத் தேடினால் கிடைக்காது.

இனி ஜூலைச் சம்பளம். பதிவுக்கு முன் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிழை வந்தால் இங்கேதான் வரும்.

| ஊழியர் | அடிப்படையும் படியும் | மேலதிக நேரம் | மொத்தம் |
|---|---|---|---|
| பொறுப்பாளர் | 240,000 | – | 240,000 |
| கணக்கு எழுதுநர் | 70,000 | – | 70,000 |
| குளிரூட்டிப் பொறியியலாளர் | 150,000 | 24,000 | 174,000 |
| இயந்திர இயக்குநர் 4 பேர் | 220,000 | 31,500 | 251,500 |
| ஏற்றி இறக்குவோர் 2 பேர் | 84,000 | 12,500 | 96,500 |
| லொறிச் சாரதி | 58,000 | 9,000 | 67,000 |
| கூட்டு | 822,000 | 77,000 | 899,000 |

மேலதிக நேரம் இவ்வளவு ஏன் என்று முதலாளி கேட்பார். கச்சான் காற்றுக் காலத்தில் தென்பகுதிக் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது நம் பக்கம் கடல் அமைதி, படகுகள் நிறையப் போகின்றன, விடியற்காலை மூன்று மணிக்கே ஐஸ் பாருக்கு வரிசை நிற்கிறது. வருகைப் பதிவேட்டை ஒவ்வொரு நாளாகப் பார்த்துத்தான் இந்த 77,000ஐ எடுத்தேன்.

சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் 822,000க்கு மட்டும், மேலதிக நேரத்துக்கு இல்லை. வருமான வரிக்கு அப்படி இல்லை, அங்கே மேலதிக நேரமும் சேர்ந்த மொத்தத்தைப் பார்க்க வேண்டும். பொறியியலாளரைப் பாருங்கள்: படியோடு சேர்த்துச் சரியாக 150,000, அதோடு நின்றிருந்தால் வரியே வராது, ஏனென்றால் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம், மாதத்துக்கு 150,000 வரை விலக்கு. 24,000 மேலதிக நேரம் சேர்ந்ததால் அந்த 24,000க்கு 6%, அதாவது 1,440. பொறுப்பாளருக்கு விலக்குக்கு மேல் 90,000 இருக்கிறது, அதில் முதல் 83,333க்கு 6% என்று 5,000, மிச்சம் 6,667க்கு 18% என்று 1,200, ஆக 6,200. மற்ற எட்டுப் பேருக்கும் வரி இல்லை. ஊழியரின் 8%ஐக் கழித்துவிட்டு வரி பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது பிழை, மொத்தத்தின் மீதுதான் வரி.

ப.நா. 45 (ஜூலை 31)
வரவு: உற்பத்திக் கூலி 425,500
வரவு: விநியோகப் பிரிவுச் சம்பளம் 163,500
வரவு: நிருவாகச் சம்பளம் 310,000
செலவு: செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 65,760
செலவு: செலுத்த வேண்டிய வருமான வரி 7,640
செலவு: ஊழியர் முற்பணம் 25,000
செலவு: செலுத்த வேண்டிய சம்பளம் 800,600
ஜூலை மொத்தச் சம்பளம் 899,000ஐயும் அதிலிருந்து பிடித்தவற்றையும் பதிந்தது. சேமலாப நிதி ஊழியர் பங்கு 822,000இல் 8%.

பொறியியலாளரும் இயக்குநர்களும் உற்பத்தி, ஏற்றி இறக்குவோரும் சாரதியும் விநியோகம், நீங்களும் பொறுப்பாளரும் நிருவாகம். செலவாகப் போவது கையில் கொடுக்கும் 800,600 இல்லை, 899,000. ஊழியர் பங்கான 65,760 அந்த 899,000க்குள்ளேயே இருக்கிறது, அதை இன்னொரு முறை ஈ.பி.எஃப். செலவு என்று போட்டால் ஒரே காசு இரண்டு தடவை செலவாகிவிடும்.

ப.நா. 46 (ஜூலை 31)
வரவு: ஈ.பி.எஃப். செலவு, உற்பத்தி 44,400
வரவு: ஈ.பி.எஃப். செலவு, விநியோகம் 17,040
வரவு: ஈ.பி.எஃப். செலவு, நிருவாகம் 37,200
வரவு: ஈ.ரி.எஃப். செலவு, உற்பத்தி 11,100
வரவு: ஈ.ரி.எஃப். செலவு, விநியோகம் 4,260
வரவு: ஈ.ரி.எஃப். செலவு, நிருவாகம் 9,300
செலவு: செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 98,640
செலவு: செலுத்த வேண்டிய ஊழியர் நம்பிக்கை நிதி 24,660
தொழில்தருநர் பங்களிப்பு: சேமலாப நிதிக்கு 12%, நம்பிக்கை நிதிக்கு 3%. இது சம்பளச் சீட்டில் கழிவாக வராது, முழுக்க நிறுவனத்தின் செலவு.

காசு போவது ஆகஸ்ட்டில் என்பதால் இதையும் ஆகஸ்ட்டில் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். ஜூலையில் வேலை செய்தார்கள், செலவும் ஜூலைக்கு உரியது.

ப.நா. 47 (ஜூலை 31)
வரவு: செலுத்த வேண்டிய சம்பளம் 800,600
செலவு: வங்கி நடைமுறைக் கணக்கு 800,600
பத்துப் பேரின் தேறிய சம்பளத்தை அவரவர் வங்கிக் கணக்கில் இட்டது.

ஒரு சீட்டையாவது கையால் சரிபாருங்கள். இரவு முறை இயக்குநருடையதை நான் பார்த்தேன்: அடிப்படை 48,000, படி 7,000, மேலதிக நேரம் 8,200, மொத்தம் 63,200. அதில் சேமலாப நிதி 55,000க்கு 8% என்று 4,400, முற்பணம் 10,000, கைக்கு 48,800. சீட்டின் அடியில் நம் பங்கு 6,600ஐயும் நம்பிக்கை நிதி 1,650ஐயும் தனியாக அச்சிடுங்கள். தன் பெயரில் மாதாமாதம் எவ்வளவு சேர்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எல்லாம் ஏற்றியபின் ஜூலை 31 பரீட்சை மீதியில் சேமலாப நிதி 164,400, நம்பிக்கை நிதி 24,660, வருமான வரி 7,640 என்று செலவு மீதிகள் நிற்க வேண்டும். ஊழியர் முற்பணமும் செலுத்த வேண்டிய சம்பளமும் பூச்சியம். இந்த மாதம் வங்கியிலிருந்து வெளியே போனது 1,021,760, செலவாகப் பதிந்தது திருத்தத்தோடு 1,023,220. இடையிலுள்ள 1,460 எங்கே என்று முதலாளி கேட்டால், செலுத்த வேண்டியவை ஜூன் முடிவைவிட அவ்வளவு கூடியிருக்கின்றன என்று காட்டுங்கள்: சேமலாப நிதி 800, நம்பிக்கை நிதி 120, வரி 540.

அந்த மூன்று மீதிகளும் நம் காசு இல்லை, தங்கச்சி. நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் மாதாமாதம் 8% பிடித்தார்கள், சீட்டிலும் காட்டினார்கள், ஆனால் கை இறுகிய மாதங்களில் கட்டாமல் விட்டார்கள். காவலாளி ஒருவர் ஓய்வுபெறும்போது தன் கூற்றை விரித்துவைத்து, வெறுமையாக இருந்த மாதங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு என்னிடம் காட்டினார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று முதல் டீசல் கட்டணம் நின்றாலும் இது நிற்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதம். பத்து ஆண்டு சேவை உள்ளவர்கள் வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மீதியில் 30% வரை எடுக்க முடியும், நம் இயக்குநர்களில் ஒருவர் அதை நம்பித்தான் சாம்பல்தீவில் அத்திவாரம் போட்டிருக்கிறார்.

வருமான வரி ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமைக்குள். சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்கும் ஆகஸ்ட் முடிவு வரை நேரம், ஆனால் 31ஆம் திகதி ஞாயிறு, அதனால் 29 வெள்ளிக்கு முன் கட்டிவிட வேண்டும். சேமலாப நிதி பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5%இல் தொடங்கி 50% வரை ஏறும், அதை ஊழியரிடம் கேட்க முடியாது. இரண்டு காசோலைகளையும் 25ஆம் திகதியே எழுதி முதலாளியின் மேசையில் வையுங்கள், அவர் 27ஆம் திகதி கொழும்புக்குப் போகிறார்.

தயாரித்தது: கணக்காளர், 2025 ஜூலை 31. சம்பளப் பட்டியல், வருகைப் பதிவேட்டின் பிரதி, ஜூன் பற்றுச்சீட்டுகள் மூன்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.