புழுங்கல் வாசம்: நீடாமங்கலம் அரிசி ஆலை அறிமுக வீடியோ, முழு ஸ்கிரிப்ட்

நீளம் 5 நிமிடம் 10 விநாடி. பேட்டி 7 பேர். பின்னணிக் குரல் எல்லாம் சேர்த்து ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படப்பிடிப்பு குறுவை அறுவடை சமயத்தில், அடுத்தடுத்து 2 நாள்.

கேமரா தம்பிக்கும் எடிட்டருக்கும் முதலில் ஒன்று. போன வாரம் ஆலையிலேயே உட்கார்ந்து எல்லோரிடமும் பேசினேன், பேட்டிகளில் எழுதியிருப்பது அவர்கள் வாயால் சொன்னதுதான். ஆனால் இந்தத் தாளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள், கேள்வியை மட்டும் கேளுங்கள், வேலை செய்கிற இடத்திலேயே வைத்துக் கேளுங்கள், வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொன்னதையே வைத்துக்கொள்வோம். கேள்வி கேட்கிறவர் குரல் படத்தில் வராது, அதனால் பதில் தனியாக நிற்க வேண்டும். "31 வருஷம்" என்று மட்டும் சொன்னால் "என்னங்கண்ணே 31 வருஷம்?" என்று இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

ஒரு நெல் லோடு சாயங்காலம் வாசலில் நுழைவதில் தொடங்கி, அது அரிசியாக லாரியில் ஏறும் வரைக்கும்தான் கதை. எந்தக் காட்சியும் இந்த வரிசையை விட்டுத் தாண்டக் கூடாது.

காட்சி 1. மூணாறு தலைப்பு, விடியற்காலை (20 விநாடி)

மதகுக்குக் கீழே தண்ணீர் நுரைத்து ஓடுகிறது. மூன்று ஆறும் ஒரே ஃபிரேமில் தெரிவதற்காக ஒரே ஒரு டிரோன் ஷாட், படத்தில் டிரோன் இங்கு மட்டும்தான். அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பின்னணிக் குரல்: "கல்லணையில் பிரிந்து வரும் வெண்ணாறு, நீடாமங்கலம் பக்கத்தில் மறுபடி பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. இந்தத் தண்ணீர் பாயும் வயலில் விளைந்த நெல்தான் எங்கள் வாசலுக்கு வருகிறது."

காட்சி 2. ஆலை வாசல், சாயங்காலம் (45 விநாடி)

படுதா போர்த்திய டிராக்டர் எடை மேடையில் ஏறுகிறது. குத்தூசி சாக்கில் இறங்கி, உள்ளங்கையில் நெல் கொட்டும் குளோசப் கட்டாயம் வேண்டும். கொள்முதல் கணக்கர் ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், அப்புறம்தான் ஈரம் பார்க்கும் மீட்டரில் போடுகிறார். கடிக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும், ஈர நெல்லானால் அது வராது. அந்தச் சத்தம் காலர் மைக்கில் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தனியாகப் பதிவு செய்து சேருங்கள்.

கொள்முதல் கணக்கர்: "குறுவை அறுப்புல மழை புடிச்சிக்கிட்டா நெல்லு 20 சதவீதத்துக்கு மேல ஈரத்தோட வரும். அரைக்கிறதுக்கு 14 சதவீதம் வேணும். அதுக்காகத் திருப்பி அனுப்புனா அவரு எங்க போயி காய வைப்பாரு, வீட்டு வாசல்லயும் இடம் இருக்காது. வாங்கிப்போம். ஆனா காய்ச்சல்ல எவ்வளவு எடை குறையும்னு அவரு முன்னாலயே கணக்குப் போட்டு, தாள்ல எழுதிக் கையில குடுத்துடுவேன். பின்னால பேச்சு வரக் கூடாது பாருங்க."

நெல் கொண்டுவந்த விவசாயி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். அவர் பேச வேண்டாம். முகம் காட்டலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

காட்சி 3. ஊறல் தொட்டி, இரவு (10 விநாடி)

வெந்நீர் நெல்லின் மேல் ஏறுகிறது, கருக்காய் மிதக்கிறது, அதை வழித்து எடுக்கிறார்கள். பேச்சில்லை.

காட்சி 4. அவிக்கும் இடம், அதிகாலை 3:30 (1 நிமிடம்)

படத்தின் உயிர் இதுதான். நேரம் குறைந்தால் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், இதில் கை வைக்க வேண்டாம்.

கேமராவை 3 மணிக்கே உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீராவி பட்டு லென்ஸ் பூத்துப்போகும். டியூப்லைட் வெளிச்சம் துடிக்காமல் இருக்க ஷட்டர் 50ல் 1 விநாடி. கூடுதல் விளக்கு போடாதீர்கள், ஆவிக்குப் பின்னால் எரிகிற அந்த ஒற்றை பல்பே போதும்.

வால்வு திறக்கிறது. ஆவி எழும்பி அவியல் மேஸ்திரியின் முகம் மறைந்து மறுபடி தெரிகிறது. நெல் சரிந்து விழும்போது ஒரு பிடி அள்ளுகிறார், சூடு தாங்காமல் இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் போடுகிறார். ஒரு நெல்லை எடுத்துக் கட்டை விரல் நகத்தால் அழுத்துகிறார். உமி வாய் பிளந்திருக்கிறது. உள்ளே இருக்கும் அரிசியை டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார். விரல், நெல், வெளிச்சம் மூன்றும் ஒரே ஷாட்டில் இருக்கட்டும், குறைந்தது 6 விநாடி வெட்டாமல் ஓட வேண்டும்.

அவியல் மேஸ்திரி: "நான் இங்க வந்து 31 வருஷம் ஆச்சு. அப்ப எங்கப்பாதான் மேஸ்திரி, நான் தண்ணி எடுத்து ஊத்துவேன். நெல்லு வாயைப் பொளந்துச்சுன்னா ஆவி போதும்னு சொல்லுதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட்டாலும் அரிசி நிறம் ஏறிடும். இப்ப இதப் பாருங்க, நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி இருந்தா உள்ள வேகலை. அது மில்லுக்குப் போனா நொய்யாத்தான் வரும். மெஷின்ல நேரம் வச்சிருக்காங்க, வேணாம்னு சொல்லல, ஆனா சாவித்திரி நெல்லுக்கும் ஆடுதுறை 43க்கும் ஒரே நேரமா? அது மோட்டா, இது சன்னம். அதக் கையிலதான் பாக்கணும்."

பின்னணிக் குரல்: "புழுக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்குகிறது. உள்ளே இருக்கும் மாவு இறுகி, அரைக்கும்போது அரிசி உடைவது குறைகிறது."

காட்சி 5. பாய்லர் (20 விநாடி)

உமி தீயில் விழுகிறது. ஆபரேட்டர் அழுத்த மானியைப் பார்த்து நோட்டில் எழுதுகிறார்.

பாய்லர் ஆபரேட்டர்: "நெல்லோட எடையில ஏறக்குறைய 5ல 1 பங்கு உமிதாங்க. அத எரிச்சித்தான் அடுத்த நெல்லு வேகுது. விறகும் இல்ல, கரியும் இல்ல."

கையுறையும் கண்ணாடியும் போட்டபடிதான் அவர் வேலை செய்கிறார். முகம் தெரிய வேண்டும் என்று கழற்றச் சொல்லாதீர்கள்.

காட்சி 6. களம், காலை 10 மணி (45 விநாடி)

பெரும்பாலான நெல் டிரையருக்குப் போய்விடுகிறது. அதை 5 விநாடியில் காட்டிவிட்டு நேராகக் களத்துக்கு வாருங்கள். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் மாதிரி கொஞ்சமாக வரும் பாரம்பரிய நெல்லை இன்னும் இங்கேதான் காய வைக்கிறார்கள். இந்த 2 நாளில் களத்தில் இருக்கப்போவது சேமிப்பில் இருந்து எடுத்துப் புழுக்கிய மாப்பிள்ளைச் சம்பா. பெண்கள் வரிசையாக நடந்து காலாலேயே நெல்லைக் கிளறுகிறார்கள், களம் முழுக்க உழவுச் சால் போட்ட மாதிரி கோடு விழுகிறது. கேமராவைத் தரையோடு வைத்து, பாதம் நெல்லைத் தள்ளிக்கொண்டு நம்மை நோக்கி வருவது போல எடுங்கள்.

களத்து அக்கா: "மேல நெல்லு காஞ்ச மாதிரி தெரியும், கால விட்டா அடியில சில்லுன்னு இருக்கும். அப்ப இன்னும் ஒரு தடவ திருப்பணும். மேகம் கறுத்துச்சுன்னா யாரும் கூப்புட வேண்டியதில்ல, சோத்த வச்சிட்டு ஓடியாந்து கூட்டிக் குவிச்சிப் படுதாவப் போட்டுருவோம். நம்ம வீட்டு நெல்லா இருந்தா சும்மா பாத்துக்கிட்டு நிப்பமா?"

கடைசி வரி முடிந்ததும் கட் செய்யாதீர்கள். சொல்லிவிட்டு அவர் வானத்தைப் பார்ப்பார், நான் பேசியபோது இரண்டு தடவையும் பார்த்தார். அது வரட்டும்.

காட்சி 7. அரைவைக் கூடம் (40 விநாடி)

உள்ளே பேட்டி கிடையாது, சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எல்லோரும் முகக்கவசமும் காதடைப்பும் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும், லென்ஸை அங்கே மாற்றினால் உமித் தூசி உள்ளே போய்விடும். வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் ரப்பர் உருளைகள் நடுவில் நெல் விழுந்து உமி பிரிகிறது. பாலிஷ், அப்புறம் கலர் சார்ட்டர். ஆலைச் சத்தத்தையே தாளமாக வைத்து வெட்டுங்கள், இசை வேண்டாம்.

சார்ட்டர் ஆபரேட்டர் (வெளியே மரத்தடியில்): "அரிசி விழற வேகத்துலயே கேமரா ஒவ்வொண்ணையும் பாக்கும். கருப்பு இருந்தா காத்து அடிச்சு தனியாத் தள்ளிடும். நான் டிப்ளமோ முடிச்சிட்டு சென்னைக்குப் போறதா இருந்துச்சு. இப்ப வீட்லேர்ந்து ஸ்கூட்டில 15 நிமிஷம். ரொம்ப இறுக்கி வச்சா நல்ல அரிசியும் சேந்து போயிடும், தளர்த்துனா கருப்பு வந்துடும். அந்த அளவு புடிக்க எனக்கு 3 மாசம் ஆச்சு."

காட்சி 8. லோடு (25 விநாடி)

மூட்டை தோளில் ஏறுகிறது. பீகாரில் இருந்து வந்த லோடுமேன் அவருடைய மொழியிலேயே பேசுகிறார், கீழே தமிழில் எழுத்து. டப்பிங் வேண்டாம், அவர் குரல் அவருடையதாகவே இருக்கட்டும்.

எழுத்து: "முதல் மழைக்காலத்தில் இவ்வளவு தண்ணீரைப் பார்த்து எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு இங்கேதான் இருப்பேன், சத் பூஜைக்கு ஊருக்குப் போய்விடுவேன்."

காட்சி 9. முதலாளி (25 விநாடி)

அறையில், மேஜைக்குப் பின்னால் வேண்டாம். எடை மேடை பக்கத்தில் நிற்கட்டும். "தரம், நம்பிக்கை, பாரம்பரியம்" என்று முதல் நிமிடத்திலேயே பேச ஐயா ஆசைப்பட்டார். இந்த மூன்றையும் மேஸ்திரியின் விரலும் கணக்கரின் தாளும் முன்பே காட்டிவிடுகின்றன, அதனால் அவரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அவரிடமும் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்.

முதலாளி: "100 கிலோ நெல்லு போட்டா 68 கிலோ கிட்ட அரிசி வரணும். வரலைன்னா மெஷின்ல தப்பு, இல்ல எங்க பார்வையில தப்பு. ஒவ்வொரு லோடுக்கும் அந்தக் கணக்க நானே பாப்பேன். மத்தபடி அவிக்கிற நேரம் மேஸ்திரி முடிவு, காயப் போடுறது அக்கா முடிவு. நான் அதுல தலையிடறதில்ல."

காட்சி 10. மதியச் சாப்பாடு, பிறகு வாசல் (20 விநாடி)

ஆலைச் சமையல் கட்டில் சோறு வடிகிறது. எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கடைசியில் முதலாளி. மேஸ்திரி சோற்றைப் பிசையும் முன் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார், அவருக்கே தெரியாமல் வரும் பழக்கம் அது. சொல்லிக்கொடுத்தால் வராது, கேமராவைத் தூரத்தில் வைத்துக் காத்திருங்கள்.

பின்னணிக் குரல்: "நேற்றுச் சாயங்காலம் நெல்லாக வந்தது, இன்று ராத்திரி அரிசியாகக் கிளம்புகிறது."

வாசலில் லாரி கிளம்புகிறது. ஹெட்லைட் வெளிச்சம் பெயர்ப்பலகையைத் தடவிக்கொண்டு போகிறது. தனியாக லோகோ போட வேண்டாம். திரை இருண்ட பிறகும் லாரிச் சத்தம் 3 விநாடி கேட்கட்டும்.