பெரியம்மாவுக்கு: ரீசார்ஜ் கடை போஸ்டரின் தமிழாக்கம்

அன்புள்ள பெரியம்மா,

தாராவிக் கடைச் சுவரிலிருந்து நீங்கள் எடுத்து அனுப்பிய போஸ்டரைப் பெரிதாக்கிப் படித்து, வரி விடாமல் தமிழில் எழுதியிருக்கிறேன். “199லும் 2 ஜிபி, 349லும் 2 ஜிபி என்றால் எதற்கு 150 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் ஒரே அளவு கொட்டை எழுத்தில்தான் இருக்கின்றன. ஆனால் முதலாவதன் தலைமேல் எறும்பளவு இந்தி எழுத்தில் “குல்” என்றும், இரண்டாவதன் அடியில் “பிரதிதின்” என்றும் இருக்கிறது. முன்னது மொத்தம், பின்னது நாளொன்றுக்கு. இந்த இரண்டு சொற்களையும் தமிழில் எண்களின் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.

பேசுங்கள், பாருங்கள், வரம்பே இல்லை\*

₹199
செல்லுபடி: 28 நாள்
டேட்டா: 28 நாளுக்கும் சேர்த்து மொத்தம் 2 ஜிபி
அழைப்பு: வரம்பில்லை\*
எஸ்எம்எஸ்: நாளொன்றுக்கு 100

₹349
செல்லுபடி: 28 நாள்
டேட்டா: நாளொன்றுக்கு 2 ஜிபி
அழைப்பு: வரம்பில்லை\*
எஸ்எம்எஸ்: நாளொன்றுக்கு 100
வரம்பில்லாத 5ஜி டேட்டா\*\*

₹859
செல்லுபடி: 84 நாள்
மற்றவை ₹349 திட்டத்தில் உள்ளபடியே

நிபந்தனைகள்

\* அழைப்புச் சலுகை தனிநபரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. தானியங்கி அழைப்புகளுக்கோ மொத்தமாக விளம்பரச் செய்தி அனுப்பவோ பயன்படுத்தினால் சலுகை நிறுத்தப்படும். இந்தியாவுக்குள் ரோமிங்கிலும் அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை.

\*\* 5ஜி கைபேசியும் 5ஜி சேவை உள்ள இடமும் வேண்டும். 30 நாளில் 300 ஜிபிக்கு மேல் பயன்படுத்தினால் அது வணிகப் பயன்பாடாகக் கருதப்படும். நியாயமான பயன்பாட்டு வரம்பின்படி 5ஜி சலுகை நிறுத்தப்படும்.

தினசரி டேட்டா தீர்ந்தபின் இணைய வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். நள்ளிரவு 12 மணிக்குப் புதிய அளவு தொடங்கும். மீதமுள்ள டேட்டா மறுநாளுக்குச் சேராது.

₹199 திட்டத்தில் 2 ஜிபி தீர்ந்தபின், ஒரு எம்பிக்கு 50 காசு வீதம் இருப்புத் தொகையிலிருந்து கழிக்கப்படும்.

நாளொன்றுக்கு 100 எஸ்எம்எஸ் தாண்டினால் உள்ளூருக்கு ₹1, வெளிமாநிலத்துக்கு ₹1.50.

ரீசார்ஜ் செய்த நாளும் ஒரு நாளாக எண்ணப்படும். கடைசி நாள் இரவு 11.59 வரை செல்லும்.

போஸ்டரில் இருப்பது இவ்வளவுதான். வலது கீழ் மூலையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஒரு வரி முழுவதும் வெளுத்துவிட்டது. ஊகித்து எழுத மனம் வரவில்லை. பணம் கொடுக்கும் முன் கடைக்காரரை அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இனி என் யோசனை. தினமும் இரவு பேரனிடம் வீடியோவில் பேசுகிறீர்கள். 199ஐப் போட்டால் அந்த 2 ஜிபி சில நாளிலேயே கரைந்துவிடும். அதன்பின் எம்பிக்கு 50 காசு என்றால், 100 எம்பிக்கே 50 ரூபாய். இருப்பில் பணம் இருந்தால் சத்தமில்லாமல் போய்விடும். வெறும் பேச்சுக்கு மட்டும் போன் வைத்திருப்பவருக்கு 199 நல்ல திட்டம், உங்களுக்குச் சரிவராது.

64 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 8 கேபி. நீங்கள் அனுப்பிய இந்தப் படம் 5 எம்பி. அந்த வேகத்தில் வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இணையம் அறுந்துவிடாது, வீடியோ மட்டும் ஓடாது. அப்படி நின்றால் போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நள்ளிரவுக்குப் பின் சரியாகிவிடும்.

5ஜி வரியை விட்டுவிடுங்கள், உங்கள் போன் 4ஜி. முறுக்கு ஆர்டர் கேட்டு வரும் அழைப்புகளுக்கும் பயம் வேண்டாம்; தடை, இயந்திரம் வைத்து அழைப்பவர்களுக்கும் மொத்தமாக விளம்பரம் அனுப்புபவர்களுக்கும்தான்.

349ஐ மூன்று முறை போட்டால் 1,047 ரூபாய். அதே 84 நாளுக்கு 859 போதும், 188 ரூபாய் மிச்சம். கையில் மொத்தமாகப் பணம் இருந்தால் அதையே போடுங்கள். ஜூன் 5 அன்று போட்டால் ஆகஸ்ட் 27 இரவு வரை வரும். 28 நாள் திட்டம் என்றால் ஜூலை 2 அன்றே முடிந்துவிடும். மாதம் என்று நினைத்து 5ஆம் தேதி வரை காத்திருந்தால் நடுவில் இரண்டு நாள் போன் பேசாது. ஆடிக் கொடைக்குத் திருநெல்வேலி வரும்போதும் இதே ரீசார்ஜ் செல்லும், ஊரில் வேறு சிம் வாங்க வேண்டாம்.

கடையில் “859, 84 நாள், ரோஜ் 2 ஜிபி” என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பணம் கட்டியதும் வரும் எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் எனக்கு அனுப்புங்கள். அதிலுள்ள தேதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
முருகன்