குடை தைப்பவர்: கரியும் பென்சிலும் கலந்த கோட்டோவியத்துக்கான ப்ராம்ப்ட்

ஒரு சிறுகதையின் முதல் பக்கத்துக்கான முழுப்பக்கப் படம். நிமிர்ந்த சட்டகம், 5:7 விகிதம், ஒரே நிறம். ஏறக்குறைய 30 செ.மீ. அகலமும் 42 செ.மீ. உயரமும் உள்ள ஒரு தாளில் ஓர் ஓவியர் ஒரே அமர்வில், ஒன்றரை மணி நேரத்தில், எதிரே உட்கார்ந்து பார்த்து வரைந்ததைப் போல இருக்க வேண்டும். புகைப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி மேலே கோடு போட்டதைப் போல இருந்தால் அது பயன்படாது.

காட்சி: மழை நின்று சிறிது நேரமே ஆகியிருக்கிறது. ஒரு சுவரோரம், கூரை விளிம்பின் கீழ், குட்டையான முக்காலியில் எழுபது வயதை நெருங்கும் முதியவர் அமர்ந்து குடை பழுதுபார்க்கிறார். மெலிந்த உடல், முழங்கை வரை மடித்துவிட்ட தளர்ந்த சட்டை, மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடி. விரித்த கறுப்புக் குடை அவர் மடியில் தலைகீழாக, கிண்ணத்தைப் போலக் கிடக்கிறது. காம்பு மேல்நோக்கி எழுந்து, வளைந்த கைப்பிடி அவருடைய வலது தோளில் சாய்ந்திருக்கிறது. எட்டுக் கம்பிகளில் ஒன்று நடுவில் முறிந்து தொங்குகிறது. அதற்கு அடுத்த கம்பியின் நுனியில் துணியைத் தைக்கிறார். இடது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கம்பி நுனியைப் பிடித்திருக்கின்றன, வலது கையில் ஊசி. நூலின் மறுமுனை பற்களுக்கு இடையில். இந்த நூலை விட்டுவிடக்கூடாது, படத்தில் இழுத்துப் பிடித்த நேர்கோடு அது ஒன்றுதான். சுவரில் இன்னும் மூன்று மூடிய குடைகள் சாய்ந்திருக்கின்றன. வேறு ஆள் இல்லை.

பார்வைக் கோணம் அவருடைய கண் மட்டத்துக்குச் சற்று மேலே, முன்னால் இடப்பக்கமாக. அதனால் குடையின் உட்புறம் அகன்ற நீள்வட்டமாகத் தெரியும். கம்பிகள் எல்லாம் ஒரே மையத்திலிருந்து கிளம்ப வேண்டும். தாங்கு கம்பிகள் காம்பில் உள்ள வளையத்திலிருந்து ஒவ்வொரு கம்பியின் நடுப்பகுதிக்கும் போக வேண்டும். இந்த அமைப்பு குழம்பினால் முகம் எத்தனை நன்றாக வந்தாலும் படம் தேறாது. உருவம் தாளின் கீழ் மூன்றில் இரண்டு பங்கில் அடங்கட்டும். மேல் வலதுபுறம் வெறும் தாளாக இருக்கட்டும், கதைத் தலைப்பு அங்கே வரும்.

வெளிச்சம் மேகம் மூடிய வானத்தின் மென்மையான வெளிச்சம், இடப்பக்க மேலிருந்து. கூர்மையான நிழல் விளிம்பு எங்கும் இல்லை. மிக இருண்ட இடம் குடையின் உள்மடிப்பு. மிக வெளிச்சமான இடம் அவருடைய இடது கைமுட்டிகள். அங்கே எதுவும் தீட்டப்படவில்லை, தாள்தான்.

முகமும் கைகளும் பென்சிலில், பெரும்பாலும் 2பி, கண்ணாடிக்குக் கீழும் தாடை நிழலிலும் 4பி. குடை, சுவர், தரை ஆகியவை கரியில். இரண்டும் ஒரே கறுப்பல்ல. பென்சில் அழுந்திய இடம் வெள்ளிச் சாம்பலாக லேசாகப் பளபளக்கும், கரி ஒளியை விழுங்கிக்கொண்டு மங்கலாகவே கிடக்கும். பென்சிலின் வழவழப்பு ஏறிய இடத்தில் கரி சரியாகப் பிடிக்காது. ஆகவே சட்டைக் கையும் குடைத் துணியும் சந்திக்கும் விளிம்பில் கரி திட்டுத்திட்டாக விட்டுப்போயிருக்க வேண்டும். குடைக்கு முதலில் மென்மையான வில்லோ மரக்கரியைப் படுக்கவைத்து அகலமாக இழுத்து, பிறகு மடிப்புகளில் மட்டும் அழுத்திச் செய்த கரிக்கட்டியின் கனத்த கறுப்பு. கம்பிகளைக் கோடாக வரைய வேண்டாம். கரிப்பரப்பிலிருந்து பிசையும் ரப்பரின் கூரிய முனையால் உருவி எடுத்த வெளிர் கோடுகளாக அவை தெரியட்டும். நுனிகள் துல்லியமாக, நடுவில் கொஞ்சம் அழுக்காக.

ஓவியர் இடக்கைக்காரர். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, கோடுகளின் சாய்வே இதைப் பொறுத்தது. நிழற்கோடுகள் மேல் இடதிலிருந்து கீழ் வலதாகச் சரிகின்றன, லியொனார்டோ டா வின்சியின் வரைபடங்களில் சரிவதைப் போல. சுவரில் இந்தச் சாய்வு முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். நீளமான, இடைவெளி சீராக இல்லாத கோடுகள், தொடங்கும் முனை அழுத்தமாக, முடியும் முனை காற்றில் தூக்கிவிட்டதைப் போல மெலிந்து. முன்கையிலும் கன்னத்திலும் மட்டும் கோடுகள் உருண்டையைத் தழுவி வளையட்டும். குறுக்குக் கோடுகள் இரண்டே இடங்களில்: முக்காலியின் அடியில், தாடைக்குக் கீழே. படம் முழுக்கக் குறுக்குக் கோடு விரித்தால் கொசுவலை போர்த்தியதைப் போலாகிவிடும். சட்டையின் வெளிச்சப் பக்கத்தில் கோடே இல்லை, தோளின் விளிம்பு ஓரிடத்தில் அறுந்து தாளோடு கலந்துவிடுகிறது.

மசங்கல்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்க வேண்டும். ஈரத் தரையில் முக்காலிக் கால்களின் பிரதிபலிப்பு, கரியை விரலால் நேர் கீழாக இழுத்த தீற்றல். சுவரின் நிழற்கோடுகளுக்கு மேலே மெல்லிய சாம்பல் திரை ஒன்று வலதுபுறமாக நகர்ந்திருக்கிறது: இடமிருந்து வலமாக வரைந்துகொண்டு போன இடக்கையின் உள்ளங்கை விளிம்பு அப்போதுதான் போட்ட கோடுகளை உரசிய தடம். குடைத் துணியை ஓவியர் வலது கட்டைவிரலால் தேய்த்துவிட்டு அதே கையால் தாளைப் பிடித்திருக்கிறார், அதனால் கீழ் வலது மூலையில் ஒரு விரல் ரேகை. வேறெங்கும் அழகுக்காகப் புகை பரப்ப வேண்டாம். முகத்தில் தேய்ப்பே கூடாது, சுருக்கங்கள் கோடுகளாலேயே வரட்டும். இன்னொன்று: வலது தோள் முதலில் ஒரு விரற்கடை மேலே வரையப்பட்டு அழிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பழைய கோட்டின் ஆவி இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

தாள் லேசான பாலேட்டு நிறம், உற்பத்தியின்போது பதிந்த நெருக்கமான கிடைக்கோட்டுத் தடங்கள் உள்ளது. சொரசொரப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் தெரியக்கூடாது. முழுப் பரப்பிலும் தூவிய மணல் போன்ற இரைச்சலை நான் கேட்கவில்லை. கரி லேசாக உரசிய இடத்தில் தாளின் மேடுகள் மட்டும் கறுத்து, பள்ளங்கள் வெள்ளைப் புள்ளிகளாக மின்ன வேண்டும், சுவரின் மேற்பகுதியில்தான் இது மிக நன்றாகத் தெரியும். விரலால் தேய்த்த இடத்தில் தூள் பள்ளங்களில் இறங்கிவிடுவதால் புள்ளிகள் மங்கும். கரிக்கட்டியால் அழுத்திய மடிப்பில் பள்ளங்கள் நிரம்பிவிடும், புள்ளியே இருக்காது. எதுவும் தீட்டாத மேல் வலதுபுறத்தில் தடங்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அளவும் முக்கியம்: முதியவரின் தலை தாளில் ஆறு செ.மீ. உயரம், எனவே ஒரு புள்ளி அவருடைய கண்மணியைவிட மிகச் சிறியது.

வேண்டாதவை: வண்ணம், பழுப்புச் சாயம், நீர்வண்ணக் கசிவு, மின்னும் பிளாஸ்டிக் தோல், கணினியில் வழவழப்பாக்கிய மென்சாய்வு, சமச்சீரான பின்னணி, கிழிந்த தாள் ஓரம், படத்தைச் சுற்றிய சட்டம், மேசையில் கிடக்கும் பென்சில், வரைந்துகொண்டிருக்கும் கை, எழுத்து, கையொப்பம், கூடுதல் விரல், ஒன்பதாவது கம்பி. முதியவர் சிரிக்கவும் வேண்டாம், சோகமாக இருக்கவும் வேண்டாம், ஊசி எங்கே நுழைகிறது என்று மட்டும் பார்க்கிறார்.